போன் அடித்தது எந்த விளம்பரத்தால்?

கேள்வி: திருப்பூரில் ஏ.சி. சர்வீஸ் செய்கிறேன். பேப்பரில் வைக்கும் நோட்டீஸ், லோக்கல் கேபிள், கூகுள் என்று மாதம் 30,000 ரூபாய் போகிறது. எதைப் பார்த்துக் கூப்பிட்டீர்கள் என்றால் ‘எங்கேயோ பார்த்தேன்’ என்கிறார்கள். ஒவ்வொன்றிலும் வேறு நம்பர் போடச் சொல்கிறார் நண்பர். அந்தச் செலவு தேவையா?

பதில்: தேவைதான். மூன்று சிம், இரண்டு சிம் போடும் சாதாரண கீபேட் போன் இரண்டு, சிம் ஒன்றுக்கு மாதம் 200 ரூபாய் அளவில் ரீசார்ஜ். உங்கள் விளம்பரச் செலவோடு பார்த்தால் இது பெரிய தொகை இல்லை. எந்த சிம்முக்கு அழைப்பு வந்தது என்பதை போனே காட்டிவிடும்.

மூன்று சிம்மையும் உங்கள் பழைய நம்பருக்கு ஃபார்வர்டு செய்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். பெரும்பாலும் அழைத்தவரின் நம்பர்தான் திரையில் வரும். எந்த சிம் வழியாக வந்தார் என்பது தெரியாது. ஃபார்வர்டு செய்தால் நீங்கள் தேடும் விவரமே தொலைந்துபோகும்.

நான்கைந்து பேர் போன் எடுக்கும் கடை என்றால் கிளவுட் டெலிபோனி நிறுவனங்களிடம் சிம் இல்லாமல் இயங்கும் விர்ச்சுவல் நம்பர் வாங்கலாம். அழைப்பு உங்கள் போனுக்கே வரும். எந்த நம்பருக்கு வந்தது, எதை எடுக்காமல் விட்டீர்கள் என்பது அவர்கள் தரும் பக்கத்தில் பதிவாகும். வாங்கும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள்: சேவையை நிறுத்தினால் நம்பர் யாருக்கு, அந்த நம்பரில் வாட்ஸ்ஆப் ஓடுமா. ஏ.சி.யில் தண்ணீர் சொட்டுவதை வீடியோ எடுத்து அனுப்பிவிட்டுப் பேசுகிறவர்கள் நிறையப் பேர்.

புது சிம் வாங்கியதும் அச்சுக்குக் கொடுக்க வேண்டாம். அது வேறொருவர் விட்டுப்போன நம்பராக இருக்கலாம். கடன் வசூல்காரர்களும் கூரியர்காரர்களும் பழைய ஆளைத் தேடி அழைப்பார்கள். பத்து நாள் சும்மா வைத்துப் பாருங்கள். தினமும் யாராவது கூப்பிட்டால் அந்த சிம்மை மாற்றிவிடுங்கள். கடை போர்டு, பில் புத்தகம், ஏ.சி.யில் ஒட்டும் ஸ்டிக்கர் ஆகியவற்றில் பழைய நம்பரே இருக்கட்டும். ஸ்டிக்கரில் நோட்டீஸ் நம்பரைப் போட்டால், பழைய வாடிக்கையாளர் எல்லாம் நோட்டீஸ் கணக்கில் ஏறிவிடுவார்.

அழைப்பை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவீர்கள். ஒரே ஆள் மூன்று முறை கூப்பிட்டாலும் அவர் ஒருவர்தான். ஒரு நோட்டில் நம்பர், எந்த சிம், புது ஆளா, வேலை கிடைத்ததா, எவ்வளவு பில் என்று ஐந்து பத்தி போட்டு எழுதுங்கள். எடுக்காத அழைப்பையும் எழுத வேண்டும். விளம்பரம் தன் வேலையைச் செய்துவிட்டது, தவறவிட்டது கடைதான்.

ஒரு மாதக் கணக்கு இப்படி வருவதாக வைத்துக்கொள்வோம். கூகுளுக்கு 15,000 ரூபாய்: 110 அழைப்பு, 14 வேலை. நோட்டீஸுக்கு 9,000: 60 அழைப்பு, 12 வேலை. கேபிளுக்கு 6,000: 15 அழைப்பு, 2 வேலை. போன் அதிகம் அடித்தது கூகுளில். ஆனால் ஒரு வேலை பிடிக்க ஆன செலவு கூகுளில் 1,071 ரூபாய், நோட்டீஸில் 750, கேபிளில் 3,000. மெக்கானிக் கூலி, கேஸ், பெட்ரோல் போக ஒரு வேலையில் 900 ரூபாய் நிற்கிறது என்றால், நோட்டீஸ் மட்டும்தான் முதல் வேலையிலேயே லாபம். கூகுள் வேலைக்கு 171 ரூபாய் கையைக் கடிக்கிறது. அந்த 14 பேரில் சிலராவது வருடாந்திரப் பராமரிப்பு எடுத்தால் கூகுள் மேலே வந்துவிடும். அதனால் அதை உடனே வெட்டாமல், அவர்கள் பெயரை மட்டும் தனியாகக் குறித்து வைத்துத் தொடர்ந்து பாருங்கள்.

இந்த முறைக்கு எட்டாத ஒன்றும் உண்டு. கேபிளில் கடைப் பெயரைப் பார்த்தவர், நம்பரைக் குறித்துக்கொள்ளாமல் பெயரை கூகுளில் தட்டிக் கூப்பிடுவார். உழைத்தது கேபிள், புகழ் கூகுளுக்கு. சோதித்துப் பார்க்க, கேபிளை மட்டும் ஒரு மாதம் நிறுத்துங்கள். மற்ற இரண்டு நம்பரிலும், பழைய நம்பரிலும் புது ஆட்கள் குறைகிறார்களா என்று கவனியுங்கள். இதை ஏப்ரல், மே மாதத்தில் செய்யாதீர்கள். வெயில் ஏறினால் விளம்பரமே இல்லாவிட்டாலும் உங்களுக்கு போன் அடிக்கும்.

கேபிளை நிறுத்தினாலும் அந்த சிம்முக்கு ஆறு மாதமாவது ரீசார்ஜ் செய்யுங்கள், வேறு விளம்பரத்துக்கு அந்த நம்பரைப் போடாதீர்கள். குறித்து வைத்தவர்கள் தாமதமாகவும் கூப்பிடுவார்கள். ரீசார்ஜ் பில் கடைப் பெயரில், உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணோடு இருக்கட்டும், காம்போசிஷன் திட்டத்தில் இல்லாமல் வழக்கமான முறையில் பதிவு செய்தவர் என்றால் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம்.