மேலே எழுதும் அந்த நாலு வரி

கேள்வி: அக்கா, 2020இல் பொருளியல் சிறப்புப் பட்டம் முடித்தேன். அதன் பிறகு நிர்வாக சேவைக்கும் கணக்காளர் சேவைக்கும் மாறி மாறிப் படித்தேன். நிர்வாக சேவையில் ஒருமுறை நேர்முகத் தேர்வு வரை போய்த் திரும்பினேன். இடையில் மூன்று வருடம் வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு டியூஷன் எடுத்தேன், சிங்களமும் படித்தேன். இப்போது ஒரு ஆய்வு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கிறேன். சுயவிபரக்கோவையின் மேலே, ‘அரச போட்டிப் பரீட்சைகளுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த, கடின உழைப்பும் ஆர்வமும் உள்ள பட்டதாரி’ என்று எழுதினேன். வாசித்தால் எனக்கே வீட்டில் சும்மா இருந்தவள் மாதிரித் தெரிகிறது. எப்படி மாற்றுவது?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: தங்கச்சி, உங்கள் வசனத்தில் இருக்கும் ஒரே வேலை ‘ஆயத்தமாகிக்கொண்டிருந்த’ என்பதுதான். கடின உழைப்பும் ஆர்வமும் எல்லோருடைய சுயவிபரக்கோவையிலும் உண்டு; அதை யாரும் வாசிப்பதில்லை. மூன்று வருடம் கற்பித்ததும் சிங்களம் படித்ததும் அங்கே இல்லவே இல்லை. அவற்றை முன்னால் கொண்டுவாருங்கள். பரீட்சைக்கு ஒரு வரி போதும், அதுவும் கடைசிக்கு முதல் வரியாக.

டியூஷனை வேலையாக எழுதக் கூச்சப்படுகிறவர்கள் அதிகம். நியமனக் கடிதமும் சேமலாப நிதியும் இல்லாததால் அது வேலையே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். என்ன பாடம், எந்த வகுப்பு, எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை என்று எழுதினால் அது முழு வேலையாகவே நிற்கும். சுருக்கத்தில் ஒரு வரியும், கீழே ‘தொழில் அனுபவம்’ பகுதியில் தனிப் பதிவும் கொடுங்கள்.

பரீட்சைக்காகப் படித்ததைச் சொல்வதில்தான் கவனம் வேண்டும். ‘பொது அறிவு, நுண்ணறிவு கற்றேன்’ என்றால் ஆய்வு நிறுவனத்துக்கு அதனால் பயன் இல்லை. அந்த வருடங்களில் கையால் செய்தது என்ன? மத்திய வங்கி அறிக்கைகளையும் வரவுசெலவுத் திட்ட உரைகளையும் வாசித்துக் குறிப்பெடுத்திருப்பீர்கள். நீண்ட பந்தியைச் சுருக்கி எழுதப் பழகியிருப்பீர்கள். ஆய்வு உதவியாளருடைய வேலையில் பாதி அதுதான். உண்மையில் செய்திருந்தால் மட்டும் எழுதுங்கள். நேர்முகத் தேர்வில், கடைசியாக வாசித்த அறிக்கையில் என்ன இருந்தது என்று கேட்பார்கள்.

பெறுபேற்றைச் சொல்லும்போது ‘சித்தியடைந்தேன்’ என்று போடாதீர்கள். எழுத்துப் பரீட்சையின் புள்ளி வரிசைப்படிதான் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடுகிறார்கள். உங்கள் கையில் இருப்பது அந்த அழைப்புக் கடிதம். ஆகவே ‘அழைக்கப்பட்டேன்’ என்று எழுதுங்கள். யார் கேட்டாலும் காட்டலாம். எத்தனை தடவை எழுதினீர்கள் என்பதை விட்டுவிடலாம். கொரோனாவும் 2022 நெருக்கடியும் உங்கள் காலத்தை இழுத்தடித்திருக்கும்தான், ஆனால் அந்த விளக்கத்துக்கு இங்கே இடமில்லை.

இப்படி வரும்:

‘பொருளியல் சிறப்புப் பட்டதாரி. உயர்தர மாணவர்களுக்கு மூன்று வருடம் பொருளியல் கற்பித்த அனுபவம். மத்திய வங்கி அறிக்கைகளையும் வரவுசெலவுத் திட்ட ஆவணங்களையும் வாசித்துச் சுருக்கி எழுதப் பழக்கம் உண்டு. தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிக்கை எழுதுவேன். சிங்களம் பேசவும் வாசிக்கவும் தெரியும். இலங்கை நிர்வாக சேவைத் திறந்த போட்டிப் பரீட்சையின் நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்டேன். ஆய்வுத் துறையில் நிலையான பணியை நாடுகிறேன்.’

ஆங்கிலத்தில் அனுப்புவதானாலும் இதே ஒழுங்கில் எழுதுங்கள். அழைப்பு வந்த வருடத்தை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். சிங்களம் உங்களுக்கு எவ்வளவு வருமோ அந்த அளவுக்கே அந்த வசனத்தைக் குறைக்கவோ கூட்டவோ செய்யுங்கள். கொழும்பில் அதை அங்கேயே பேசவைத்துப் பார்த்துவிடுவார்கள்.

கடைசி வசனத்தை நான் சும்மா சேர்க்கவில்லை. இங்கே தனியார் நிறுவனங்கள் பரீட்சைக்குப் படித்த பட்டதாரியைப் பார்த்துப் பயப்படுவது, சும்மா இருந்திருப்பாரோ என்று மட்டுமில்லை. பழக்கி எடுத்த ஆறாம் மாதம் அரச நியமனம் வந்து போய்விடுவாரோ என்பதுதான் பெரிய பயம். ‘நிலையான’ என்ற சொல் அதற்குப் பதில். ஆனால் அதை எழுதினால் நேரில் கட்டாயம் கேட்பார்கள்: ‘அடுத்த வர்த்தமானி வந்தால் விண்ணப்பிப்பீர்களா?’ வயதெல்லை தாண்டிவிட்டதென்றால் அதை அப்படியே சொல்லுங்கள். அதைவிட நல்ல பதில் இல்லை. தாண்டவில்லை, ஆனால் இனி எழுதுவதில்லை என்று முடிவெடுத்திருந்தால், அதையும் ஏன் அப்படி முடிவெடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இன்னும் ஒரு தடவை எழுதும் எண்ணம் இருந்தால் அந்தச் சொல்லை நீக்கிவிட்டு, ‘ஆய்வுத் துறையில் பணியை நாடுகிறேன்’ என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். கேட்டால் பொய் சொல்ல வேண்டாம்.

அனுப்புவதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. அழைப்புக் கடிதத்தை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். டியூட்டரி நடத்துபவரிடம் கேட்டு அவருடைய பெயரைப் பரிந்துரையாளராகப் போடுங்கள். அவர் தொலைபேசியில் சொல்லப்போகும் வருடங்களும் நீங்கள் எழுதிய வருடங்களும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.