மேன்ஹோலில் மீட்டர் சரியாகக் காட்டினால் போதுமா?

"மணலியில் ஒப்பந்த வேலை. பெட்ரோல் டேங்க்கைக் கழுவ வேண்டும். மேன்ஹோலில் கேஸ் மீட்டர் சரியாகக் காட்டியது, பர்மிட்டும் கையில் இருக்கிறது. இறங்கலாமா?"

இறங்காதீர்கள். அந்த அளவு மேன்ஹோல் வாய்க்கு மட்டும்தான் பொருந்தும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் போய்த் தேங்கும். மீட்டரின் ஹோஸை இறக்கி மேலே, நடுவில், அடியில் என மூன்று மட்டத்திலும் அளக்க வேண்டும். நீள ஹோஸில் காற்று ஏறிவர நேரமாகும், எண் அசையாமல் நிற்கும்வரை பொறுங்கள்.

முதலில் ஆக்சிஜனைப் பாருங்கள். 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆவி தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று காட்டுவது LEL. பல மீட்டர்களில் LEL சென்சார் ஆவியை எரித்துத்தான் அளக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் ஆவி சரியாக எரியாது, எண் பொய்யாக இறங்கிவிடும். மேலே ஆக்சிஜன் 20.8, அடியில் 9, LEL 4 என்று வந்தால் அந்த 4-ஐ நான் நம்பவே மாட்டேன். ப்ளோயர் ஓட்டி மறுபடி அளக்கும்போது LEL 12 ஆக ஏறலாம். ஏறியது ஆவி இல்லை, சென்சார் இப்போதுதான் உள்ளதைச் சொல்கிறது. குறைந்தது 10-க்குக் கீழே வரும்வரை தொடர்ந்து ஓட்டுங்கள். அப்புறம் ஹைட்ரஜன் சல்பைடு போன்ற நச்சு வாயுவையும் அளக்க வேண்டும்.

பர்மிட்டில் ஒன்றை நேரில் போய்ப் பாருங்கள்: குழாய்களை முழுதாக அடைக்கும் பிளைண்ட் தகடு போட்டார்களா? வால்வை மூடியது கணக்கில்லை, அது கசியும். சேற்றைக் கிளறினால் ஆவி மீண்டும் கிளம்பும். அதனால் உள்ளே இருப்பவரிடம் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கட்டும், சாப்பிட்டு வந்தால் மறுபடி அளங்கள். வெளியே காவல் நிற்பவர், உள்ளே ஆள் விழுந்தாலும் இறங்கக் கூடாது. கயிற்றால் இழுத்து, மீட்புக் குழுவைக் கூப்பிடுவதுதான் அவர் வேலை.