புதுப் பொருளுக்கு முதல் ஆர்டர் எவ்வளவு போடுவது? கேள்வி-பதில்

மேஜை விளக்கு ஒன்றைப் புதிதாக விற்கப்போகிறோம். விற்பனைக் கணக்கு எதுவும் கையில் இல்லை. ஒரு வருடத்துக்கு எவ்வளவு போகும் என்று எப்படிக் கணிப்பது?

வருடக் கணக்கை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இரண்டாவது ஆர்டர் வந்து இறங்கும் நாள் வரை தாங்கினால் முதல் ஆர்டருக்குப் போதும். விற்பனையின் போக்கு தெரிய மூன்று வாரம், ஆர்டர் போட்ட பிறகு சரக்கு கைக்கு வர ஆறு வாரம் என்று வைத்துக்கொண்டால், ஒன்பது வாரத்துக்கு எவ்வளவு தேவை என்பதுதான் கேள்வி.

அதற்கு, நீங்கள் முன்பு அறிமுகம் செய்த பொருள்களில் இதே விலையில், இதே வாடிக்கையாளர்களுக்கு, இதே வழியில் விற்ற இரண்டு மூன்றை எடுங்கள். அவற்றின் இன்றைய மாத விற்பனை இதற்கு உதவாது. அவை புதிதாக வந்தபோது முதல் ஒன்பது வாரத்தில் எவ்வளவு போயின என்று பாருங்கள். மூன்று பழைய விளக்குகள் 190, 260, 420 என்று விற்றிருக்கின்றன என்போம். இதை அப்படியே சராசரி எடுக்கக்கூடாது. 190 போன விளக்கு ஆறாவது வாரத்தோடு தீர்ந்துபோயிருந்தால், அது ஆறு வார விற்பனை மட்டுமே. அதே வேகத்தில் ஒன்பது வாரம் ஓடியிருந்தால் சுமார் 285 போயிருக்கும். 420-இல் 120 ஒரே அலுவலகம் மொத்தமாக வாங்கியது என்றால், அது மறுபடி நடக்கும் என்று நம்பிச் சரக்கு வாங்க முடியாது, கழித்தால் 300. இப்போது 260, 285, 300. பழைய பில்களை இப்படி ஒருமுறை துருவிப் பார்த்தாலே கணிப்பு பெருமளவு தெளிந்துவிடும். 280 என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, 280 என்று வந்துவிட்டது. அப்படியே 280 ஆர்டர் போடலாமா?

இன்னும் இல்லை. அந்த எண் எவ்வளவு தவறலாம் என்று தெரியாமல் ஆர்டர் போடக்கூடாது. முந்தைய அறிமுகங்களில் நீங்கள் நினைத்தது எவ்வளவு, நடந்தது எவ்வளவு என்று பாருங்கள். நினைத்ததைப் போல 0.6, 0.8, 0.9, 1.1, 1.5 மடங்கு விற்றிருந்தால், 280-ஐ இவற்றால் பெருக்குங்கள்: 168, 224, 252, 308, 420. ஐந்து அனுபவம் குறைவுதான். ஆனாலும் ஒற்றை எண்ணை நம்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை லாப நஷ்டம்தான் சொல்லும். விளக்கை 60-க்கு வாங்கி 100-க்கு விற்கிறீர்கள் என்போம். சரக்கு இல்லாமல் ஒரு வாடிக்கையாளர் திரும்பிப் போனால் 40 போச்சு. மிஞ்சியதைத் தள்ளுபடியில் 40-க்குத் தள்ளினால் 20 நஷ்டம். குறைந்தால் வரும் இழப்பை, குறைந்தாலும் மிஞ்சினாலும் வரும் இழப்புகளின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்:

```
40 / (40 + 20) = 0.67
```

அதாவது, மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பில் தேவையைச் சமாளிக்கும் அளவு வேண்டும். 252 வாங்கினால் ஐந்தில் மூன்று சூழ்நிலைகளில் போதும். 308 வாங்கினால் நான்கில் போதும். 0.67-ஐத் தொடுவது 308 என்பதால், 300-ஐ ஒட்டி ஆர்டர் போடுவது சரி.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. மிஞ்சிய விளக்கு கெட்டுப்போகாது, அடுத்த மாதமும் அதே விலைக்குப் போகும் என்றால் மிஞ்சுவதன் நஷ்டம் 20 ஆகாது. முடங்கிய பணத்தின் வட்டியும் கிடங்கு வாடகையும்தான். அப்போது இன்னும் தாராளமாக வாங்கலாம். மாறாக, வாடிக்கையாளர் முன்பணம் கட்டிக் காத்திருப்பார் என்றால் குறைவதால் வரும் இழப்பு சின்னது, கையைச் சுருக்கலாம்.

சப்ளையர் குறைந்தது 1000 எடுத்தால்தான் 60 என்கிறார். சிறிய ஆர்டருக்கு 72 கேட்கிறார். என்ன செய்வது?

72 கொடுத்தால் லாபம் 28 ஆகிறது, மிஞ்சினால் நஷ்டம் 32 ஆகிறது. அதே வகுத்தலைப் போட்டால் 0.47. அதனால் 300 வேண்டாம், 250 போதும். விலை மாறினால் அளவும் மாறும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

250-க்குத் தலா 12 கூடுதல் என்றால் மொத்தம் 3000. இது நிச்சயச் செலவு. அடுத்த ஆர்டரைப் பெரிதாக, 60-க்கே எடுக்க முடியும் என்றால், இப்போதே 1000 எடுப்பதில் மிச்சம் இந்த 3000 மட்டும்தான். ஆனால் கடைசியில் 150-க்கு மேல் தள்ளுபடிக்குப் போனால், தலா 20 வீதம் அந்த மிச்சம் கரைந்துவிடும். ஆகவே 850 விளக்காவது முழு விலைக்குப் போகும் என்று திடமாகச் சொல்ல முடிந்தால் மட்டும் 1000. ஒன்பது வாரத்துக்கு 168 முதல் 420 வரை என்று இருக்கும்போது என்னால் அப்படிச் சொல்ல முடியாது. நான் 72 கொடுத்து 250 எடுப்பேன்.

அதற்கு முன் சப்ளையரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: 1000-க்கான மூலப்பொருளை அவர் வாங்கி வைக்கட்டும், முதலில் 250 மட்டும் செய்து அனுப்பட்டும், மீதியை நீங்கள் சொன்ன பிறகு செய்யட்டும். அதே மூலப்பொருள் அவருடைய வேறு சரக்குக்கும் ஆகும் என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.

நான்கு நிறங்களில் வருகிறது. சமமாகப் பிரிக்கலாமா?

வேண்டாம். மொத்த எண்ணைவிட நிறவாரியான எண்தான் அதிகம் தவறும். பழைய விளக்குகளில் எந்த நிறம் எத்தனை சதவீதம் போனது என்று பார்த்து, முன்னால் நிற்கும் இரண்டை மட்டும் முதல் ஆர்டரில் எடுங்கள்.

எங்கள் குழுவில் பேசி ஒரு எண்ணுக்கு எல்லோரும் ஒத்துக்கொண்டோம். நம்பலாமா?

சேர்ந்து பேசி வந்த எண் என்பதால் மட்டும் நம்ப வேண்டாம். அங்கே மூத்தவர் சொன்னதை ஒட்டியே மற்றவர்களும் பேசியிருப்பார்கள். அமெரிக்காவின் பனிச்சறுக்கு ஆடை நிறுவனமான ஸ்போர்ட் ஓபர்மேயர் 1990-களில் இதை மாற்றியது. கொள்முதல் குழுவில் ஒவ்வொருவரையும் தனித்தனியாக மதிப்பிடச் சொன்னார்கள். எந்த ஆடைக்கு எண்கள் நெருங்கி வந்தனவோ அதன் கணிப்பு பெரும்பாலும் பலித்தது. எங்கே எண்கள் சிதறினவோ அங்கே கணிப்பும் தவறியது. நெருங்கியவற்றை முன்கூட்டியே உற்பத்திக்கு அனுப்பிவிட்டு, சிதறியவற்றுக்குச் சந்தையின் முதல் தகவல் வரும்வரை காத்திருந்தார்கள். நீங்களும் பேசுவதற்கு முன்பே ஆளுக்கொரு தாளில் எழுதி வாங்குங்கள்.

முதல் வாரத்திலேயே 70 போய்விட்டது. அடுத்த ஆர்டரை இரட்டிப்பாக்கலாமா?

முதலில் அந்த 70 யாரிடம் போனது என்று பாருங்கள். கடைக்காரர்கள் அலமாரியை நிரப்ப எடுத்தது என்றால், அது இன்னும் விற்பனையே இல்லை. கடைகளில் தற்போது மீதி எவ்வளவு இருக்கிறது என்று கேட்டு, அனுப்பியதில் அதைக் கழித்தால்தான் உண்மையான விற்பனை தெரியும்.

நேரடியாக வாடிக்கையாளர் வாங்கியதே என்றாலும், முதல் வாரத்தில் விளம்பரமும் தெரிந்தவர்களும் கலந்திருப்பார்கள். இரண்டாம், மூன்றாம் வாரத்தை ஒப்பிடுங்கள். 70, 38, 35 என்று போனால் உங்கள் வேகம் 35-ஐ ஒட்டியது. 70, 38, 12 என்று போய், மூன்றாம் வாரத்தில் சரக்கே இரண்டு நாள்தான் இருந்தது என்றால், 12-ஐ ஏழு நாளுக்கு வகுக்காதீர்கள். நாளுக்கு ஆறு என்று கொள்ளுங்கள். அப்படியானால் வாரத்துக்கு 42, விற்பனை சரியவே இல்லை. தினமும் மாலையில் கையிருப்பைக் குறித்து வைத்தால்தான் இந்த வித்தியாசம் கண்ணில் படும். பில்லில் இது தெரியாது.

புது விளக்கு நன்றாகப் போகிறது, பழையது படுத்துவிட்டது.

பழைய வாடிக்கையாளர்களே புதியதுக்கு மாறியிருக்கலாம். பழைய விளக்கின் விற்பனை வாரத்துக்கு எவ்வளவு குறைந்தது என்று பார்த்து, அதன் அடுத்த ஆர்டரில் அதே அளவைக் குறைத்துவிடுங்கள்.