வாப்பாவின் மவுத்தும் உம்மாவின் சிகிச்சையும்: கத்ரை எங்கே வைப்பது?

கேள்வி: வாப்பாவுக்கு ராத்திரி நெஞ்சு வலித்தது. வாயுத் தொல்லை என்று நினைத்து, விடிந்ததும் டாக்டரிடம் போகலாம் என்று இருந்துவிட்டோம். ஃபஜ்ருக்கு முன்பே மவுத்தாகிவிட்டார்கள். "அஜல் முடிஞ்சுது, கவலைப்படாதே" என்று எல்லோரும் சொல்கிறார்கள். உடனே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பார்களோ என்று எனக்குத் தூக்கமே வருவதில்லை. இப்போது உம்மாவுக்கு இதயத்தில் அடைப்பு, ஆபரேஷன் வேண்டும் என்கிறார் டாக்டர். காக்கா, "எழுதினதுதான் நடக்கும், எதுக்கு ஆபரேஷன்?" என்கிறார். வாப்பா விஷயத்தில் விதியை நம்பு என்கிறார்கள். உம்மா விஷயத்தில் அதே விதியை நம்பினால் எனக்குப் பயமாக இருக்கிறது. எது சரி?

பதில்: இரண்டு விஷயத்திலும் நம்பத்தான் வேண்டும், சகோதரி. ஆனால் வாப்பாவுக்கு என்ன எழுதியிருந்தது என்பது நடந்து முடிந்ததால் நமக்குத் தெரிந்துவிட்டது. உம்மாவுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, காக்காவுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. "எழுதினதுதான் நடக்கும்" என்று காக்கா சொல்வது ஈமானின் ஒரு பகுதி, அதில் தப்பே இல்லை. அதிலிருந்து "எனவே ஆபரேஷன் வேண்டாம்" என்ற முடிவுக்கு அவர் எப்படி வந்தார் என்பதைத்தான் கேட்க வேண்டும். ஆபரேஷன் செய்து, அதன் மூலம் உம்மா குணமாவார்கள் என்று எழுதியிருக்கலாமே? முடிவை எழுதிய அல்லாஹ், அந்த முடிவுக்குப் போகும் வழியை எழுதாமல் விட்டுவிட்டான் என்று நினைக்கும் இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

இதே வாதம் சஹாபாக்கள் காலத்திலேயே வந்திருக்கிறது. கலீஃபா உமர் (ரலி) ஷாம் நாட்டுக்குப் பயணம் போகிறார்கள். ஹிஜ்ரி 18ஐ ஒட்டிய காலம். ஹிஜாஸின் எல்லைப் பக்கம் ஸர்க் என்ற இடத்துக்கு வந்தபோது, ஷாமில் கொள்ளைநோய் பரவியிருக்கிறது என்று அங்கிருந்து வந்த படைத்தளபதிகள் சொல்கிறார்கள். உமர் முதலில் முஹாஜிர்களைக் கூப்பிட்டு யோசனை கேட்டார்கள். கருத்து இரண்டாகப் பிரிந்தது. அன்ஸாரிகளைக் கேட்டார்கள், அங்கும் அப்படியே. பிறகு குறைஷிகளில் மூத்தவர்களைக் கேட்டபோது, திரும்பிவிடுவதே நல்லது என்று ஒரே குரலில் சொன்னார்கள். காலையில் திரும்பப் போகிறோம் என்று உமர் அறிவித்தார்கள்.

ஷாமின் தளபதி அபூ உபைதா (ரலி) கேட்டார்கள்: "அல்லாஹ்வின் கத்ரிலிருந்தா ஓடுகிறீர்கள்?" உங்கள் காக்கா கேட்பதும் கிட்டத்தட்ட இதுதான். அபூ உபைதா சாதாரண ஆள் இல்லை, சொர்க்கத்துக்கு நற்செய்தி சொல்லப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். "இதை வேறு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா, அபூ உபைதாவே!" என்று வருத்தப்பட்ட உமர், அப்புறம் சொன்ன பதில் புகழ்பெற்றது: "ஆம், அல்லாஹ்வின் ஒரு கத்ரிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு கத்ருக்கு ஓடுகிறோம்." உடனே ஓர் உதாரணமும் சொன்னார்கள். உங்களிடம் ஒட்டகங்கள் இருக்கின்றன. ஒரு பள்ளத்தாக்கில் இறங்குகிறீர்கள். ஒரு பக்கம் பசும்புல், இன்னொரு பக்கம் வறண்ட தரை. பசுமையான பக்கம் மேய்த்தாலும் அல்லாஹ்வின் கத்ர்படிதான் மேய்க்கிறீர்கள், வறண்ட பக்கம் மேய்த்தாலும் அவன் கத்ர்படிதான், இல்லையா? வறண்ட பக்கம் ஓட்டிப்போய்விட்டு "விதி" என்று சொல்லும் மேய்ப்பனை யாரும் தவக்குல் உள்ளவன் என்று புகழ மாட்டார்கள்.

வேறு வேலையாகப் போயிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அதன் பிறகுதான் வந்தார்கள். இது பற்றி நபி (ஸல்) சொன்னதைத் தாம் கேட்டிருப்பதாகச் சொன்னார்கள்: ஓர் ஊரில் கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டால் அங்கே போகாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் அது வந்துவிட்டால், அதற்குப் பயந்து வெளியேறாதீர்கள். உமர் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள சம்பவம் இது.

பலர் இத்தோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கப்புறம் நடந்தது. அபூ உபைதா தம் படையோடு ஷாமிலேயே இருந்தார்கள். அம்வாஸ் கொள்ளைநோய் என்று வரலாறு குறிப்பிடும் அந்த நோயிலேயே மவுத்தானார்கள். அவருக்குப் பின் பொறுப்பேற்ற முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களும் அதே நோயில் மவுத்தானார்கள். இப்போது யார் செய்தது சரி? ஹதீஸின் முதல் பாதி வெளியே இருந்த உமருக்குப் பொருந்தியது, அவர்கள் உள்ளே போகவில்லை. இரண்டாம் பாதி உள்ளே இருந்த அபூ உபைதாவுக்குப் பொருந்தியது, அவர்கள் வெளியே வரவில்லை. ஒருவர் பிழைத்தார், ஒருவர் இறந்தார். இருவருமே தமக்கு என்ன எழுதியிருக்கிறது என்று யூகித்து நடக்கவில்லை. தமக்கு என்ன கட்டளை என்று பார்த்து நடந்தார்கள். கத்ரும் மனித முயற்சியும் ஒரு முஸ்லிமின் வாழ்க்கையில் இப்படித்தான் சேர்ந்து இருக்கின்றன.

மருந்தைப் பற்றி நேரடியாகவே கேட்கப்பட்டிருக்கிறது. நாங்கள் எடுத்துக்கொள்ளும் மருந்தும் ஓதிப்பார்ப்பதும் அல்லாஹ்வின் கத்ரில் எதையாவது தடுக்குமா என்று ஒருவர் கேட்டபோது, "அவையும் அல்லாஹ்வின் கத்ரில் உள்ளவைதான்" என்று நபி (ஸல்) சொன்னதாகத் திர்மிதியில் வருகிறது. காக்காவிடம் இந்த ஒன்றைச் சொன்னாலே பாதிப் பேச்சு முடிந்துவிடும்.

சரி, எல்லாம் எழுதப்பட்டிருக்கும்போது நம் விருப்பத்துக்கு என்ன இடம் என்று உங்களுக்குள் ஒரு கேள்வி ஓடும். இமாம் அஷ்அரியின் வழியில் வந்தவர்கள் இதற்குக் கையைக் காட்டுவார்கள். நடுக்க நோய் வந்தவரின் கை ஆடுகிறது; நீங்கள் தண்ணீர் எடுக்கக் கையை நீட்டுகிறீர்கள். இரண்டு அசைவையும் படைப்பவன் அல்லாஹ்தான். ஆனாலும் இரண்டும் ஒன்றில்லை என்பது உங்களுக்கே தெரியும். அதை நிரூபிக்க யாரும் வர வேண்டியதில்லை. அந்த இரண்டாவது அசைவில் உள்ள உங்கள் தேர்வுக்குத்தான் கேள்வி கணக்கு. மாத்துரீதி இமாமின் வழியில் வந்தவர்கள் மனிதனின் தேர்வுக்கு இன்னும் கொஞ்சம் அதிக இடம் கொடுத்துப் பேசுவார்கள். மனிதன் காற்றில் பறக்கும் இறகுபோல என்று சொன்ன ஜப்ரிய்யாக்களையும், மனிதனே தன் செயலைப் படைக்கிறான் என்று சொன்ன முஃதஸிலாக்களையும் இரண்டு தரப்பும் ஏற்கவில்லை. "உங்களில் நேராக நடக்க விரும்புகிறவருக்கு" என்று குர்ஆன் (81:28) மனிதனின் விருப்பத்தைச் சொல்கிறது. அடுத்த வசனத்திலேயே, அல்லாஹ் நாடினாலன்றி நீங்கள் நாட மாட்டீர்கள் என்கிறது. இரண்டும் எப்படி உள்ளுக்குள் இணைகின்றன என்பதை எந்த இமாமும் கடைசிவரை அவிழ்த்துக் காட்டவில்லை. கத்ரின் அடிப்படை, படைப்பில் அல்லாஹ் வைத்த ரகசியம் என்று இமாம் தஹாவி எழுதிவிட்டார்கள். அதற்கு மேல் தோண்டுவதில் பலன் இல்லை என்பதுதான் என் கருத்தும்.

இனி வாப்பா. அஜல் முடிந்தது என்று உறவினர்கள் சொல்வது உண்மை. ஆனால் அதை எதற்காகச் சொல்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். அகீதா பாடங்களில் ஒரு வரி உண்டு: கொலை செய்யப்பட்டவரும் தம் அஜலில்தான் மவுத்தாகிறார். அதற்காகக் கொலைகாரனை யாரும் விட்டுவிடுவதில்லை. அவன் மேல் கிஸாஸ் உண்டு. அதாவது, அஜல் என்பது இறந்தவரைப் பற்றிய செய்தி. உயிரோடு இருப்பவர்களின் பொறுப்பு தனிக் கணக்கு. ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது, அன்றிரவு உங்களுக்குத் தெரிந்தது என்ன என்பதை மட்டுமே. இதய வலி என்று தெரிந்தும் அலட்சியமாக இருந்தீர்களா? வாயு என்று நினைத்தீர்கள், தவறாகக் கணித்தீர்கள். தவறுதலாகச் செய்ததில் குற்றம் இல்லை, உள்ளம் வேண்டுமென்றே செய்ததில்தான் உண்டு என்று குர்ஆன் (33:5) சொல்கிறது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் மேல் பாவம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

தூங்கவிடாத அந்த "கொண்டுபோயிருந்தால்" பற்றியும் ஒரு ஹதீஸ் இருக்கிறது. உனக்குப் பயன் தருவதில் ஆர்வம் கொள், அல்லாஹ்விடம் உதவி தேடு, தளர்ந்துவிடாதே. ஏதேனும் நேர்ந்துவிட்டால் "இப்படிச் செய்திருந்தால் அப்படி ஆகியிருக்குமே" என்று சொல்லாதே. "அல்லாஹ் விதித்தது, அவன் நாடியதைச் செய்தான்" என்று சொல் (முஸ்லிம்). இதில் வரிசையைப் பாருங்கள். முயற்சி முதலில், கத்ர் என்ற சொல் நேர்ந்த பிறகு. உங்கள் காக்கா அந்தச் சொல்லை முயற்சிக்கு முன்னால் கொண்டுவருகிறார். நீங்கள் அதை நேர்ந்த பிறகும் சொல்ல மறுக்கிறீர்கள்.

அதற்காக, நடந்ததை நினைத்துப் பார்க்கவே கூடாது என்று அர்த்தமில்லை. ஹஜ்ஜின்போது நபி (ஸல்) அவர்களே, பின்னால் தெரிந்தது முன்பே தெரிந்திருந்தால் பலிப்பிராணியைக் கூட்டி வந்திருக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்தவருக்கு வழிகாட்டச் சொல்லும் "இருந்தால்" கூடும். அல்லாஹ்வின் தீர்ப்போடு சண்டை போடும் "இருந்தால்" கூடாது. நெஞ்சு வலியை வாயு என்று விட்டுவிடக் கூடாது என்று வாப்பாவின் மவுத்து உங்களுக்குக் காட்டியிருக்கிறது. உம்மாவுக்கு ராத்திரியில் வலி வந்தால் விடியக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

ஆபரேஷன் விஷயத்தில் இன்னொன்று. மருத்துவம் செய்துகொள்வது ஷாஃபிஈ மத்ஹபில் சுன்னத். ஒருவர் தமக்கு வேண்டாம் என்று தவக்குலோடு விட்டுவிடவும் இடம் உண்டு என்று இமாம் நவவி போன்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது நோயாளி தம் உடலைப் பற்றி எடுக்கும் முடிவு. உம்மாவின் நெஞ்சை வைத்துக் காக்கா தவக்குல் செய்ய முடியாது. எனவே உம்மாவையே டாக்டரிடம் கூட்டிப்போய், அவர்கள் வயதுக்கும் உடல்நிலைக்கும் ஆபரேஷனில் எவ்வளவு ஆபத்து, செய்யாவிட்டால் எவ்வளவு ஆபத்து, மாத்திரையோடு சமாளிக்க முடியுமா என்று அவர்கள் காதில் விழும்படி கேளுங்கள். டாக்டர் சொல்லும் ஆபத்து அதிகமாக இருந்து உம்மா வேண்டாம் என்றால், அது வேறு விஷயம்; அப்போது காக்கா சொல்லும் முடிவே வந்தாலும் அதற்குக் காரணம் விதியாக இருக்காது.

அதன் பிறகு இஸ்திகாரா தொழுங்கள். உம்மாவால் முடிந்தால் அவர்களே தொழுவது நல்லது. இரண்டு ரக்அத், பிறகு அந்த துஆ. "எனக்கு நல்லதாக இருந்தால் இதை எனக்கு விதித்துவிடு" என்றே அதில் கேட்கிறோம். கனவு வர வேண்டும், வெள்ளை தெரிய வேண்டும் என்பதெல்லாம் ஹதீஸில் இல்லை. தொழுதுவிட்டு, விசாரித்ததில் எது சரியாகப் பட்டதோ அதில் இறங்கிவிடலாம். டாக்டர் இன்றே செய்ய வேண்டும் என்று சொன்னால் இஸ்திகாராவுக்காக ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். போகும் வழியில் துஆ கேட்டுக்கொள்ளலாம்.