சேமலாப நிதியில் கைவைக்கும் முன்: திருகோணமலை வாசகர் கேள்விகளும் பதில்களும்

சீனக்குடாவில் ஒரு ஆலையில் 9 வருடமாக வேலை செய்கிறேன். சம்பளச் சிட்டையில் ஈ.பி.எஃப். என்று மாதம் 4,800 ரூபா கழிகிறது. அந்தக் காசு எங்கே கிடக்கிறது? கனபேர் இடையில் எடுக்கிறார்கள் என்கிறார்கள். அதனால் என் பங்கு குறையுமா?

உங்களிடமிருந்து 8 வீதம் கழிகிறது என்பதால், கணக்கில் கொள்ளும் உங்கள் சம்பளம் 60,000 ரூபா. அதே சம்பளத்தின் மேல் முதலாளி தன் பையிலிருந்து 12 வீதம், அதாவது 7,200 ரூபா போடவேண்டும். ஆக மாதம் 12,000 ரூபா உங்கள் பெயரில் ஊழியர் சேமலாப நிதியத்துக்குப் போகிறது. சிட்டையில் 4,800 மட்டும் கண்ணில் படுவதால், நிதியில் இருப்பது தங்கள் காசின் சிறு துண்டு என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதில் பெரும்பங்கு முதலாளி போட்டது.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்த நிதியம் இது. உறுப்பினர் பதிவு, கோரிக்கை, முறைப்பாடு எல்லாம் தொழில் திணைக்களத்தின் கையில். காசை வாங்கி முதலீடு செய்வது மத்திய வங்கி. உங்கள் 12,000 தனி உறையில் கிடப்பதில்லை. கொழும்புக்காரர், மலையகத்தார், கிண்ணியாக்காரர் எல்லோருடைய காசோடும் ஒரே குளத்தில் சேர்கிறது. அந்தக் குளத்து நீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல், அரசாங்கம் கடன் வாங்க வெளியிடும் திறைசேரி முறிகளுக்குத்தான் பாய்கிறது. முறிகள் தரும் வட்டியிலிருந்து செலவும் வரியும் போக மிஞ்சுவதை, வருடத்துக்கு ஒரு வீதமாக அறிவித்து ஒவ்வொருவர் கணக்கிலும் ஏற்றுகிறார்கள். 2022க்கு 9 வீதம், 2023க்கு 13, 2024க்கு 11.

ஆகவே குளம் பொது, ஆனால் கணக்கு தனித்தனி. பக்கத்து இயந்திரத்தில் நிற்பவர் தன் மீதியில் ஒரு பங்கை எடுத்தால் அவருடைய கணக்குத்தான் குறையும், உங்களுடையது அசையாது. முறி முதிர்ந்து வரும் காசும் மாதாமாதம் வரும் புதுப் பங்களிப்பும் கோரிக்கைகளைத் தீர்க்கப் போதுமாக இருக்கும்வரை, நல்ல முறியை அகாலத்தில் விற்கவேண்டிய தேவை நிதியத்துக்கு வராது.

இதைப் பென்ஷன் என்று நினைத்துவிடாதீர்கள். அரச உத்தியோகத்தரின் ஓய்வூதியம் திறைசேரி மாதாமாதம் கொடுப்பது. அவர் விரும்பினாலும் முன்கூட்டி உடைக்க அதில் உண்டியல் இல்லை. உங்களுக்குக் கிடைப்பது ஆணென்றால் 55இல், பெண்ணென்றால் 50இல் ஒரே தொகை. அதற்குப் பிறகு மாதம் எவ்வளவு என்பதை நீங்களேதான் பிரித்துக்கொள்ளவேண்டும். அதனால்தான் இடையில் எடுப்பது உங்களை இவ்வளவு தாக்குகிறது.

நிலாவெளியில் ஹோட்டலொன்றில் சமையற்காரன். வயது 38, சேவை 14 வருடம், ஈ.பி.எஃப். மீதி 12 இலட்சம். 30 வீதம் எடுக்கலாம் என்கிறார்கள். தகரக் கூரை மாரியில் ஒழுகுகிறது. ஓடு போட 2 இலட்சம் போதும். மிச்சத்தில் மோட்டார் சைக்கிள் லீசிங்கை முடித்துவிடலாமா?

தம்பி, உங்கள் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன். இதே கணக்கோடு என்னிடம் வந்தவர்கள் பலர்.

முதலில் தகுதி. 2012இல் வந்த திருத்தச் சட்டத்தின்படி 10 வருடச் சேவையும் குறைந்தது 3 இலட்சம் ரூபா மீதியும் உள்ளவர் வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ 30 வீதம் வரை, உச்சம் 20 இலட்சம் வரை எடுக்கலாம். உங்களுக்கு அது 3,60,000 ரூபா. கூரை அதற்குப் பொருந்தும், லீசிங் பொருந்தாது. கூரைக்கான மதிப்பீட்டை ஊதிப்பெருக்கி எழுதித்தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்தக் கடதாசியில் கையெழுத்து வைப்பது நீங்கள் என்பதை மறக்கவேண்டாம்.

இப்போது கணக்கு. உங்களுக்கு 55 ஆக இன்னும் 17 வருடம். வருடம் 9 வீதம் என்று அடக்கமாகவே வைத்தால், இன்று அங்கே இருக்கும் ஒரு ரூபா அன்று சுமார் 4 ரூபா 33 சதமாகும். 3,60,000 ரூபா ஏறக்குறைய 15,58,000 ரூபாவாக நின்றிருக்கும். அவ்வளவும் இலாபம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். விலைவாசியும் ஏறும். வருடம் 5 வீதம் ஏறினால் அந்த 15 இலட்சத்துச் சொச்சம் இன்றைய விலையில் 6,80,000 ரூபாதான் பெறும். அப்படிப் பார்த்தாலும் இன்று எடுக்கும் தொகையின் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவு. இழப்பு அந்த அளவு.

இந்த ஓட்டையை அடைப்பது ஏன் கடினம் தெரியுமா? வங்கிக் கடனைத் தவணையில் அடைப்பதுபோல, எடுத்ததைத் திரும்பக் கட்ட நிதியத்தில் வழி வைக்கப்படவில்லை. மாதம் கழியும் 8 வீதம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அப்படியேதான் கழியும். உங்கள் சம்பளமும் 60,000 ரூபா என்று வைத்தால், 3,60,000 என்பது நீங்களும் முதலாளியும் சேர்ந்து போடும் பங்களிப்பாக முழுசாக 30 மாதம். அந்த 30 மாதத்தையும் வேலை செய்யாதவர் போல 55ஐ அடைவீர்கள். அதுவும் ஆரம்பத்தில் போட்ட, வட்டிக்கு வட்டி அதிகம் சேர்க்கவேண்டிய மாதங்கள்.

ஒரேயொரு சாளரம் உண்டு. 8உம் 12உம் குறைந்தபட்ச வீதங்கள். உங்கள் பங்கை 8 வீதத்துக்கு மேல் கழிக்கும்படி முதலாளியிடம் எழுத்தில் கேட்கலாம். 15,58,000ஐ மீளக் கட்ட இன்றிலிருந்து 17 வருடமும் மாதம் ஏறக்குறைய 3,500 ரூபா மேலதிகமாகக் கழியவேண்டும். கையிலிருந்து போவது மொத்தம் 7,14,000 ரூபா. எடுத்தது 3,60,000.

என் தீர்ப்பு இது: கூரைக்கு எடுங்கள். ஒழுகும் வீட்டில் மாரிதோறும் அரிசியும் பிள்ளைகளின் புத்தகமும் நனைவதும் இழப்புத்தான், அதற்கும் விலை உண்டு. ஆனால் 30 வீதம் என்பது உச்சவரம்பு, எடுத்தே தீரவேண்டிய தொகை அல்ல. 2 இலட்சத்தோடு நின்றுவிடுங்கள். மிச்ச 1,60,000 அங்கே இருந்தால் 17 வருடத்தில் 6,90,000 அளவாகும். மோட்டார் சைக்கிள் அதுவரை ஓடாது. லீசிங் வட்டி 9 வீதத்தைவிட அதிகம் என்பது உண்மை. அதனால், சீசனில் கிடைக்கும் சேவைக் கட்டணத்தையும் டிப்ஸையும் அதை முன்கூட்டி முடிப்பதற்குத் திருப்புங்கள். அதன்பிறகு விடுபடும் தவணையிலிருந்து கூரைக்கு எடுத்ததை மேலதிகப் பங்களிப்பாகக் கட்டத் தொடங்குங்கள்.

மீதியை உத்தரவாதமாக வைத்து வங்கியில் வீட்டுக்கடன் எடுக்கும் ஏற்பாடும் உண்டு. காசு நிதியில் இருந்தபடியே வட்டி ஏறும் என்பது அதன் நன்மை. தவணை தவறினால் கடன் உங்கள் கணக்கிலிருந்தே பிடிக்கப்படும் என்பது அதன் ஆபத்து. சீசன் இல்லாத மாதங்களில் சம்பளம் மெலியும் ஹோட்டல்காரருக்கு நான் இதை யோசித்தே சொல்வேன்.

2022இல் சாமான் விலை இரட்டிப்பானது, நிதியமோ 9 வீதம்தான் தந்தது. அதற்குள் எடுத்து நகை வாங்கியவர்கள்தானே கெட்டிக்காரர்? (உப்புவெளி)

அந்த வருடம் உங்கள் கோபம் முழுக்க நியாயம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். அப்போது நிதியில் இருந்த ஒவ்வொரு ரூபாவும் உண்மையில் சுருங்கியது, 13உம் 11உம் பிறகு வந்தும் அந்தச் சுருக்கம் முழுதாக நிமிரவில்லை. குளத்து நீர் எல்லாம் ஒரே வாய்க்காலில், அரச முறிகளில், பாய்வதன் விலை அது. ஆனால் நகைக்காக எடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. 55க்கு முன் எடுத்தவர்களில் நகையாகக் கடைசிவரை வைத்திருந்தவர்கள் குறைவு. முதல் நெருக்கடியிலேயே அது அடகுக் கடைக்குப் போனதைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். நகையில் நம்பிக்கை இருந்தால் சம்பளத்திலிருந்து சிறுகச் சேருங்கள், முதலாளி போடும் 12 வீதத்தைத் தொடவேண்டாம்.

மூதூரில் சாரதி. வேலை மாறும்போதெல்லாம் ஈ.டி.எஃப். எடுத்துவிடுவேன். சின்னத் தொகைதானே?

ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் வேறு நிதியம். அதற்கு முதலாளி மட்டும் 3 வீதம் போடுகிறார். வேலை மாறினால் எடுக்கலாம், ஆனால் ஒருமுறை எடுத்தால் மறுபடி எடுக்க 5 வருடம் காத்திருக்கவேண்டும். 60,000 சம்பளத்தில் மாதம் 1,800. அடிக்கடி எடுக்க இடமிருப்பதால் இதுதான் அதிகம் உடைபடும் உண்டியல். 8 வீத வட்டி என்று வைத்துப் பாருங்கள்: 5 வருடத்துக்கு ஒருமுறை எடுத்தால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 1,27,000 கையில் வரும். 25 வருடத்தில் ஐந்து முறை, மொத்தம் 6,35,000. கடைசியில் வருவதைத் தவிர மற்றதெல்லாம் செலவாகியிருக்கும். தொடாமல் விட்டால் 25 வருட முடிவில் 15,80,000 அளவில் நிற்கும்.

வயது 27. அடுத்த மாதம் கல்யாணம், வேலையை விடுகிறேன். ஈ.பி.எஃப். மீதி 2,50,000. எடுத்துக் கல்யாணச் செலவுக்குக் கொடு என்கிறார் அம்மா.

திருமணத்தின் காரணமாக வேலையை விடும் பெண் முழுதும் எடுக்கலாம், தங்கச்சி. ஆனால் எடுத்தே ஆகவேண்டும் என்று இல்லை. வேலை விட்டாலும் மீதிக்கு வட்டி ஏறும். 9 வீதத்தில் 50 வயதில் அது 18 இலட்சத்தைத் தாண்டும், விலைவாசி 5 வீதம் ஏறுவதைக் கழித்தால் இன்றைய காசில் 5,90,000 அளவு. பின்னாளில் வேறு வேலைக்குப் போனால் பழைய கணக்கு அடையாள அட்டை இலக்கத்தில் உங்கள் பெயரிலேயே இருக்கும். அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: மண்டபத்து விருந்தில் ஐம்பது இலை குறைத்தால் மானம் போகாது.

சம்பளச் சிட்டையில் கழிகிறது. ஆனால் நிதியத்தின் கணக்குக் கூற்றில் 7 மாதம் காணவில்லை. (திருகோணமலை நகரம்)

ஒரு மாதப் பங்களிப்பு அடுத்த மாத முடிவுக்குள் கட்டப்படவேண்டும். தாமதித்தால் முதலாளிக்கு மிகைக்கட்டணம் உண்டு, தாமதம் நீள நீள அது ஏறும். நான் சம்பளப் பட்டியல் எழுதத் தொடங்கிய முதல் வேலைத்தளத்திலேயே இப்படி ஐந்து மாதம் விடுபட்டதைக் கூற்றோடு சிட்டையை ஒப்பிட்டபோதுதான் கண்டுபிடித்தேன். விடுபட்ட மாதமும் முன்கூட்டி எடுத்த காசைப் போலத்தான், அதற்கு வட்டி ஏறாது. அந்த ஏழு மாதச் சிட்டைகளின் பிரதி, அடையாள அட்டை, உறுப்பினர் இலக்கம் மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். வாய்ச்சொல்லோடு திரும்பாமல், ஏற்றுக்கொண்ட திகதியும் கையெழுத்தும் உள்ள பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.