பிஐபி தாளில் கையெழுத்துப் போடலாமா?

"மன்னார்குடியில் டிராக்டர் கடன் வசூல் பார்க்கிறேன். நவம்பர் 1 முதல் 30 நாள் பிஐபி, அதாவது வேலைத்திறனை மேம்படுத்தச் சொல்லிக் கெடு வைக்கும் திட்டம், போட்டிருக்கிறார்கள். 'வாடிக்கையாளர் உறவை மேம்படுத்தணும், வசூல் 60%லிருந்து 90% ஆகணும்' என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?"

போடுங்கள், ஆனால் "பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்றதாகாது" என்று தேதியோடு எழுதிப் போடுங்கள். அன்றைக்கே மேலாளருக்கும் எச்ஆருக்கும் மின்னஞ்சலில் பதில் அனுப்புங்கள்.

பெரிய ஓட்டை காலக்கெடுதான். நவம்பரில் சம்பா வயலில் நிற்கிறது, மழை வேறு. தை அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையப் பணம் வந்தால்தான் தவணை கட்டுவார்கள். எல்லாக் கிளைக்கும் ஒரே படிவத்தை அனுப்பியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சென்ற வருட நவம்பரில் உங்கள் கிளையின் வசூல் சதவீதத்தை எடுத்துப் பாருங்கள். அதுவும் 60%-ஐ ஒட்டி இருந்தால், அந்த எண்ணைப் போட்டு பிப்ரவரி கடைசி வரை அவகாசம் கேளுங்கள்.

'உறவை மேம்படுத்தணும்' என்பதை அளக்க முடியாது. வாரம் எத்தனை நேரடிச் சந்திப்பு, அதை யார் சரிபார்ப்பார் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அப்புறம், மேலாளர் செய்யவேண்டியது தாளில் ஒரு வரிகூட இல்லையே! வாராந்தரக் கூட்டம், நீண்ட நிலுவைக்காரர்களிடம் அவரும் கூட வருவது, இரண்டையும் தேதியோடு கேளுங்கள்.

ஒன்று மட்டும்: ஆட்சேபம் எழுதினாலும் 30 நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பதில் வரும்வரை வசூலுக்குப் போவதை நிறுத்தாதீர்கள்.