இரண்டு கட்டங்கள்: பதவியும் கிரேடும்

அன்புள்ள மேடம்,

ஐந்து வருடமாக ஒரே நிறுவனத்தில் சீனியர் எக்ஸிகியூட்டிவாக இருக்கிறேன். அடுத்த மாதத்திலிருந்து 'அசிஸ்டென்ட் மேனேஜர்' என்கிறார்கள். ஐந்து பேரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சம்பளம் 4 சதவீதம் ஏறும், ஓவர்டைம் இனி கிடையாதாம். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் ஏதோ உறுத்துகிறது. பதவியை உயர்த்துகிறவர்கள் ஏன் பணத்தை உயர்த்த மாட்டேன் என்கிறார்கள்? இதை ஏற்றுக்கொள்ளலாமா?

ர.

அன்புள்ள ர.,

நான் பல வருடம் ஒரு நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் வேலை பார்த்தவள். அங்கே எங்கள் கையில் இருந்த பட்டியலில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்றில் பதவிப் பெயர், அடுத்ததில் கிரேடு. வருடா வருடம் பதவி உயர்வுப் பட்டியல் வரும்போது பலருக்கு முதல் கட்டம் மட்டும் மாறும். 'சீனியர்' என்பது 'லீட்' ஆகும், பக்கத்தில் இருக்கும் 6 அப்படியே 6 ஆகவே இருக்கும். வாழ்த்து மெயில் எல்லோருக்கும் ஒரே மாதிரி போகும். இரண்டாவது கட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டு வந்தவர்கள் மிகச் சிலர்தான்.

சம்பளம் ஒட்டிக்கொண்டிருப்பது அந்த இரண்டாவது கட்டத்தோடுதான். பதவிப் பெயரை மாற்ற ஒரு மேலாளரின் கையெழுத்து போதும், நிறுவனத்துக்குச் செலவே இல்லை. கிரேடு மாற வேண்டுமென்றால் அந்த வேலையின் பொறுப்பு உண்மையிலேயே கூடியிருக்கிறதா என்று மதிப்பிட வேண்டும், பட்ஜெட்டில் இடம் வேண்டும், மேலே இரண்டு மூன்று பேர் ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல ஆளைத் தக்கவைக்க வேண்டும், ஆனால் இந்த வருடம் பணம் ஒதுக்கவில்லை என்ற நிலையில், மேலாளருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பெயர் ஒன்றுதான். பல நேரம் அதை அவர் நல்லெண்ணத்தோடுதான் கொடுக்கிறார்.

எல்லா நேரமும் நல்லெண்ணம் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் ஒருவர் மேலாளர் வேலை செய்து, ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் சம்பளமும் வாங்கினால் அவருக்கு ஓவர்டைம் கொடுக்க வேண்டியதில்லை. பல ஆண்டுகள் அந்தத் தொகை வாரத்துக்கு 455 டாலராக இருந்தது. அந்த எல்லையைத் தாண்டிய இடத்தில் மேலாளர் என்ற பெயர் தாங்கிய வேலைகள் 485 சதவீதம் கூடியிருந்ததாக 2023-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. வரவேற்பு மேசையில் இருப்பவருக்கு 'முதல் அபிப்பிராயங்களின் இயக்குநர்' என்று பெயர் வைத்ததும் அதில் உண்டு. உங்கள் நிறுவனம் அப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. ஓவர்டைம் போகிறது என்ற வரியை நீங்கள் தாண்டிப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் மாதச் சம்பளம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள், வேலை நேரம் மாதம் 180 மணி. அதற்கு மேல் 12 மணி நேரம் ஓவர்டைம் பார்க்கிறீர்கள், அதற்கு ஒன்றரை மடங்கு கூலி. அது 10 வரும். ஆக 192 மணிக்கு 110, மணிக்கு 0.57. இனி 104. ஓவர்டைம் கூலிதான் நின்றுபோகுமே தவிர அந்த 12 மணி நேர வேலை எங்கும் போய்விடாது. ஐந்து பேரின் விடுப்பு, மதிப்பீடு, கூட்டங்கள் என்று இன்னும் 8 மணியாவது சேரும். 200 மணிக்கு 104, மணிக்கு 0.52. கையில் வருவது 110-இலிருந்து 104 ஆகிறது, மணிக் கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ 9 சதவீதம் குறைகிறது. என் எண்களை எடுத்துவிட்டு, கடந்த ஆறு மாதச் சம்பளச் சீட்டை வைத்து உங்கள் எண்களைப் போடுங்கள்.

அந்த 4 சதவீதத்தையும் உரசிப் பார்க்க வேண்டும். போன வருடம், அதற்கு முந்தைய வருடம் உங்களுக்கு ஆண்டு உயர்வு எவ்வளவு? அதுவும் ஏறத்தாழ 4 என்றால், எப்படியும் வரவேண்டியதைத்தான் பதவி உயர்வு என்று உறையில் போட்டுக் கொடுக்கிறார்கள். "ஆண்டு உயர்வு இதற்கு மேல் தனியாக வருமா?" என்று கேளுங்கள். இதைக் கேட்பதில் சங்கடப்பட ஒன்றுமில்லை.

இதற்கெல்லாம் பிறகும் 'வேண்டாம்' என்று உடனே சொல்லிவிடாதீர்கள். பெரிய உயர்வு இல்லாத நல்ல பதவி உயர்வும் உண்டு. ஒவ்வொரு கிரேடுக்கும் ஒரு கீழ் எல்லை, ஒரு மேல் எல்லை இருக்கும், பக்கத்துப் பக்கத்துக் கிரேடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். கிரேடு 6-க்கு 80 முதல் 120 வரை, கிரேடு 7-க்கு 96 முதல் 144 வரை என்று வைத்துக்கொள்வோம். 100 வாங்கும் நீங்கள் 7-க்குப் போனால், அதன் கீழ் எல்லையை ஏற்கெனவே தாண்டியிருக்கிறீர்கள். ஏற்றித் தர வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை, அதனால் கையில் பெரிதாக ஒன்றும் வராது. ஆனால் உங்கள் கூரை 120-இலிருந்து 144 ஆகிவிட்டது. 6-இல் நடுவில் நின்றவர் 7-இல் நடுவுக்குக் கீழே நிற்கிறீர்கள். கிரேடின் கீழ்ப்பகுதியில் இருப்பவருக்கு ஆண்டு உயர்வைக் கூடுதலாகக் கொடுக்கும் நிறுவனங்கள் நிறைய உண்டு, அங்கே இரண்டு மூன்று வருடத்தில் இது பணமாகத் திரும்பும். அதே 4 சதவீதம்தான். கிரேடு 6-லேயே இருந்தால் அது பெயர் மாற்றம், 7 ஆனால் பதவி உயர்வு.

ஆகவே மனிதவளத் துறையிடம் முதலில் கேட்க வேண்டியது: "என் கிரேடு மாறுகிறதா? புதிய கிரேடின் கீழ் எல்லை, மேல் எல்லை என்ன?" எண்களைச் சொல்லத் தயங்கினால், எல்லைக்குள் நீங்கள் கீழே, நடுவில், மேலே, எங்கே நிற்கிறீர்கள் என்றாவது சொல்லச் சொல்லுங்கள். நோட்டீஸ் காலம் நீள்கிறதா என்றும் பாருங்கள். மேல் கிரேடில் ஒரு மாதம் என்பது மூன்று மாதம் ஆகிவிடுவது சகஜம், வேறு வேலைக்கு மாறும்போது அது காலைக் கட்டும்.

அடுத்தது உங்கள் மேலாளரிடம். அந்த ஐந்து பேரின் விடுப்புக்கும் மதிப்பீட்டுக்கும் கையெழுத்துப் போடப் போவது யார்? ஆள் எடுக்கும்போது உங்கள் சொல் செல்லுமா? இப்போது நீங்கள் செய்யும் வேலையை யாரிடம் ஒப்படைப்பது? கடைசிக் கேள்விக்கு "கொஞ்ச நாள் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தால், தேதி கேளுங்கள். இரண்டு வேலையும் ஒருவர் தலையில் விழுந்து, இரண்டிலும் கெட்ட பெயர் வாங்கியவர்களை நான் அந்தப் பட்டியலில் பார்த்திருக்கிறேன். கையெழுத்து உரிமை உங்களிடம் வந்தால், பணம் இப்போது வராவிட்டாலும் ஒரு வருடம் செய்து பார்க்கலாம் என்பேன். வேறு இடத்தில் நேர்காணலுக்குப் போனால் அட்டையில் இருக்கும் பெயரைப் பார்த்து விடமாட்டார்கள். எத்தனை பேருக்கு மதிப்பீடு எழுதினீர்கள், எந்த முடிவை நீங்களே எடுத்தீர்கள் என்று தோண்டுவார்கள்.

கிரேடும் மாறாது, அதிகாரமும் வராது, ஓவர்டைமும் போகும் என்று தெரிந்தால், மறுப்பதை விட மாற்றிக் கேட்பது நல்லது. "பொறுப்பை ஏற்கிறேன். ஆறு மாதத்தில் கிரேடு பரிசீலனை என்று தேதியோடு கடிதத்தில் எழுதிக் கொடுங்கள், அதுவரை ஓவர்டைம் தொடரட்டும்" என்று சொல்லுங்கள். வாய்வார்த்தை போதாது. உங்களுக்கு வாக்குக் கொடுத்த மேலாளர் ஆறு மாதத்துக்குள் வேறு பிரிவுக்குப் போய்விட்டால், புதிதாக வருபவருக்கு அந்தக் கடிதம் ஒன்றுதான் சாட்சி.

தப்பாக நினைப்பார்களோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. கிரேடு கேட்டு எங்களிடம் வந்த அந்தச் சிலரை நாங்கள் யாரும் தப்பாக நினைத்ததில்லை. பட்டியலை எடுத்து அவர்கள் வரியைத் திரும்பப் பார்த்தோம். சிலருக்கு அந்த 6, 7 ஆகவும் செய்தது.